மேசையில் தேறிய மாஸ்ஃபெட், பிரிட்ஜில் வெடித்தது: ஒரு 5 எச்.பி. மின்விசிறி டிரைவின் கதை

பின்னணி

கோவையில் ஒரு சின்னப் பட்டறை. உரிமையாளரும் இரண்டு இளம் பொறியாளர்களும் சேர்ந்து மின்கல வண்டிகளுக்கான மோட்டார் டிரைவ் செய்து விற்கிறார்கள். 48 வோல்ட், 60 ஆம்பியர் வரை போகும் டிரைவ் அது. உள்ளே மின்னணு சுவிட்சுகளாக இருப்பவை 100 வோல்ட் வரை தாங்கும் மாஸ்ஃபெட்கள். வெளியே போன டிரைவ்களில் திரும்பி வந்தவை மிகக் குறைவு. வந்தவற்றிலும் பெரும்பாலும் தண்ணீர் புகுந்த கதைதான்.

அந்த டிரைவில் மாஸ்ஃபெட் ஏன் சரியான தேர்வு என்பதை முதலில் பார்த்துவிடலாம், பின்னால் நடந்ததற்கு அதுதான் வேர். ஒரு மாஸ்ஃபெட் முழுக்கத் திறந்து மின்னோட்டத்தைக் கடத்தும்போது வெறும் மின்தடை போல நடந்துகொள்ளும். அவர்கள் போட்டது சூட்டில் 3 மில்லிஓம். 60 ஆம்பியர் ஓடினால் குறுக்கே விழும் மின்னழுத்தம் 0.18 வோல்ட், இழப்பு சுமார் 11 வாட். அதே இடத்தில் ஐஜிபிடி என்ற இன்னொரு வகை சுவிட்சைப் போட்டிருந்தால் 1.7 வோல்ட் விழும், 100 வாட்டுக்கு மேல் சூடாகப் போயிருக்கும். மின்னோட்டம் மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச் என இரண்டைக் கடந்துதான் போகிறது. 48 வோல்ட்டில் 3.4 வோல்ட்டை சுவிட்சுக்கே கொடுத்துவிட்டு வண்டியில் எவ்வளவு தூரம் போவது?

இந்த நிலையில் ஒரு நூற்பாலையிலிருந்து ஆர்டர் வந்தது. ஈரப்பதக் கூடத்தில் காற்றுத் தள்ளும் மின்விசிறிக்கு வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் வேண்டும். 5 எச்.பி. மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார், 415 வோல்ட், முழுச் சுமையில் 7.5 ஆம்பியர். மோட்டார் பழையது, இரண்டு முறை சுருள் மாற்றிக் கட்டியது. மாதிரி ஒன்றை ஓட்டிக் காட்டினால் மேலும் பத்து வாங்குவதாகப் பேச்சு.

முதல் தேர்வு

415 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கினால், அதை சுவிட்சுகளுக்குக் கொண்டுபோகும் இணைப்பான பஸ்ஸில் 587 வோல்ட் நிற்கும். பட்டறையில் 900 வோல்ட் மாஸ்ஃபெட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் 120 மில்லிஓம் என்று இருந்தது. ஆனால் அது 25 டிகிரியில். சூடானால் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும் என்று தெரிந்து, 280 மில்லிஓம் என்றே கணக்குப் போட்டார்கள். அந்த அளவுக்குக் கவனமான ஆட்கள்தான். சுவிட்சிங் அதிர்வெண் 16 கிலோஹெர்ட்ஸ். வண்டி டிரைவில் அதுதான் பழக்கம், மோட்டார் கீச்சிடும் ஒலியும் காதில் விழாது.

அடுத்து மேசைச் சோதனை. ஒரே ஒரு மாஸ்ஃபெட், ஒரு சுருள், சுழல் மின்னோட்டத்துக்கு ஒரு டையோடு, 587 வோல்ட், 10 ஆம்பியர். ஒரு முறை திறந்து மூடுவதற்கு ஆன ஆற்றல் சுமார் 0.35 மில்லிஜூல் என அளந்தார்கள். மிக நல்ல எண். இதை வைத்து, மேலே ஒரு சுவிட்ச் கீழே ஒரு சுவிட்ச் கொண்ட மூன்று லெக்குக்கும் கணக்கிட்டால் முழுச் சுமையில் கடத்து இழப்பு 47 வாட், சுவிட்சிங் இழப்பு 11 வாட், ஆக 58 வாட். 60 வாட்டுக்கு ஏற்ற ஹீட் சிங்க் வாங்கினார்கள்.

இந்தச் சோதனையில் ஒரு சின்ன விவரம் ஒளிந்திருந்தது. டையோடாகப் போட்டது கையிருப்பில் இருந்த சிலிக்கன் கார்பைடு ஷாட்கி. அந்த நேரத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கண்டது

மூன்று லெக்கும் சேர்ந்த முழு பிரிட்ஜையும் கட்டி, மோட்டாரை விசிறியில்லாமல் ஓட்டினார்கள். சுமையில்லாதபோது மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் 3 ஆம்பியர் அளவில் இருந்தது. கணக்குப்படி டிரைவில் 15 வாட் கூட வீணாகக் கூடாது. ஆனால் பத்து நிமிடத்தில் ஹீட் சிங்க் கை வைக்க முடியாத சூடு. வெப்பப் பசை சரியாகப் பூசவில்லை என்று நினைத்து, கழற்றித் துடைத்து மறுபடி பூசினார்கள். அதே சூடு.

இரண்டாம் நாள் விசிறியை மாட்டி 5 ஆம்பியர் வரை ஏற்றினார்கள். ஒரு நிமிடம் தாண்டியதும் படார் என்று ஒரு சத்தம். ஒரு லெக்கின் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஷார்ட் ஆகி, சுவிட்சின் கட்டுப்பாட்டு முனையான கேட்டை இயக்கும் கேட் டிரைவர் சில்லும் கருகியிருந்தது. புதிதாக மாற்றி ஓட்டியபோது இன்னொரு லெக் போனது. மூன்றாவது லெக் வரை காத்திருக்காமல் என்னை அழைத்தார்கள். மின்னணு சக்தி மாற்றிகளில் பழுது பார்ப்பது என் தொழில்.

போனவுடன் உரிமையாளர் கேட்டது இதுதான்: “சார், பஸ் 587 தானுங்க. 900 வோல்ட் போட்டிருக்கோம். பத்தாதுங்களா?”

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு நேரடிப் பதில் சொல்லும் முன் எனக்கு ஒரு வாட்மீட்டர் தேவைப்பட்டது. மோட்டாரை நேரடியாக மின் இணைப்பில் ஓட்டினால் சுமையின்றி 220 வாட் எடுத்தது. டிரைவ் வழியாக ஓட்டியபோது 380 வாட். வித்தியாசம் 160 வாட். டிரைவில் ஓடும்போது மோட்டாரின் சொந்த இழப்பும் கொஞ்சம் கூடும், அதைக் கழித்தாலும் 15 எங்கே, 160 எங்கே. இவ்வளவு வித்தியாசத்துக்கு வெப்பப் பசையைக் குறை சொல்ல முடியாது. பசை மோசமாக இருந்தால் சில்லு கூடுதலாகச் சூடாகுமே தவிர, வாட்மீட்டரில் வாட் கூடாது.

அப்புறம், மேசைச் சோதனையையே திரும்பச் செய்தோம். ஒரே ஒரு மாற்றம்தான். ஷாட்கி டையோடை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிரிட்ஜில் இருக்கப்போகும் அதே மாஸ்ஃபெட்டை, அதன் கேட்டை மூடி வைத்து இணைத்தோம். மேல் சுவிட்சைத் திறந்தவுடன் ஆசிலோஸ்கோப்பில் தெரிந்ததைப் பார்த்து இளைஞர்களில் ஒருவர் புரோப் பழுதாகிவிட்டது என்றார். சுமை மின்னோட்டம் 5 ஆம்பியர்தான். ஆனால் சுவிட்ச் வழியாக ஓடியது 45 ஆம்பியர் தாண்டிய ஒரு கூர்முனை, சுமார் 0.4 மைக்ரோநொடி அகலத்துக்கு.

என்ன நடந்தது

ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்குள்ளும் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் ஒரு டையோடு இருக்கிறது. அதைச் சேர்ப்பது யாருமில்லை, சில்லின் அமைப்பிலேயே அது பிறந்துவிடுகிறது. மோட்டார் ஒரு சுருள் என்பதால், ஒரு சுவிட்சை மூடியதும் மின்னோட்டம் நின்றுவிடாது. எதிர்ப்பக்க சுவிட்சின் டையோடு வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த முறை முதல் சுவிட்சைத் திறக்கும்போது அந்த டையோடு உடனே மூட வேண்டும். ஆனால் கடத்திக்கொண்டிருந்த நேரத்தில் அதற்குள் மின்னூட்டம் தேங்கியிருக்கும். அது வடியும்வரை டையோடு பின்னோக்கியும் கடத்தும். அந்தக் கணத்தில் மேல் சுவிட்ச் திறந்திருக்கிறது, கீழே டையோடும் மூடவில்லை. பஸ் முழுவதும் ஷார்ட் ஆனதற்குச் சமம்.

திரையில் கண்ட முக்கோணத்தின் பரப்பை எடுத்தால் தேங்கிய மின்னூட்டம் 9 மைக்ரோகூலும். அதை 587 வோல்ட்டால் பெருக்கினால் 5.3 மில்லிஜூல். ஷாட்கி டையோடில் மின்னூட்டம் தேங்குவதே இல்லை. அதனால்தான் மேசையில் 0.35 மில்லிஜூல் என்று அழகாகக் காட்டியது. 5.3-ஐ 16,000 முறையால் பெருக்கினால் ஒரு லெக்குக்கு 85 வாட். சைன் அலையில் மின்னோட்டம் ஏறி இறங்குவதால் மூன்றில் இரண்டு பங்கு என்று குறைத்து வைத்தாலும் 55 வாட். மூன்று லெக்குக்கு 165, கடத்து இழப்பையும் சேர்த்தால் 185 வாட். ஹீட் சிங்க் தாங்குவது 60.

48 வோல்ட் டிரைவில் இந்தச் சிக்கல் ஏன் தலைகாட்டவில்லை? அங்கேயும் உள் டையோடு உண்டு. ஆனால் 100 வோல்ட் மாஸ்ஃபெட்டின் டையோடில் தேங்கும் மின்னூட்டம் இதில் நூறில் ஒரு பங்கு அளவுதான், அதைப் பெருக்கும் பஸ் மின்னழுத்தமும் 48 மட்டுமே. இரண்டும் சேர்ந்து இழப்பை எண்ணத் தேவையில்லாத அளவுக்குத் தள்ளிவிட்டன. அந்த அனுபவமே இங்கே கண்ணை மறைத்தது.

வெடித்தது எதனால் என்பதற்கு இரண்டு சாத்தியங்கள் இருந்தன. ஒன்று, தேங்கிய மின்னூட்டம் வடிந்து முடிந்ததும் அந்தக் கூர்முனை சட்டென்று அறுபடும். சுற்றுக்கம்பிகளில் இருக்கும் சிறு இண்டக்டன்ஸே அப்போது மின்னழுத்தத்தை மேலே தூக்கும். 587 வோல்ட் பஸ்ஸில் சுவிட்சின் மேல் 700 வரை எழுந்ததை அளந்தோம். இதோடு விசிறியின் கனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேகத்தைக் குறைக்கச் சொன்னால் சுழலும் விசிறி மோட்டாரை ஜெனரேட்டராக்கி பஸ்ஸை ஏற்றும். அவர்கள் டிரைவ் 740 வோல்ட்டில்தான் டிரிப் ஆகும்படி வைத்திருந்தார்கள். 740-உடன் அந்த 113-ஐக் கூட்டினால் 853. மிச்சம் 50 வோல்ட் கூட இல்லை, அதுவும் 5 ஆம்பியரில். உரிமையாளரின் கேள்விக்கு இதுதான் பதில்.

இரண்டாவது, டையோடு மூடும்போது அதன் குறுக்கே மின்னழுத்தம் மிக வேகமாக ஏறும். அந்த வேகம் உள் கெபாசிட்டன்ஸ் வழியாகக் கீழ் சுவிட்சின் கேட்டைத் தட்டித் திறந்துவிடும். எது முதலில் நடந்தது என்று எரிந்த சில்லைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தீர்வு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் நானும் அதற்கு மேல் தோண்டவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

நான்கு வழிகள் பேசினோம். மாஸ்ஃபெட்டுக்குத் தொடராக ஒரு டையோடு வைத்து உள் டையோடை முடக்கி, வெளியே வேகமான டையோடு போடுவது ஒன்று. வேலை செய்யும், ஆனால் அந்தத் தொடர் டையோடே ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்னும். அதற்கு நேராக ஐஜிபிடி போடலாம். வேகமான உள் டையோடு கொண்ட மாஸ்ஃபெட் வாங்கலாமா என்றால், கடையில் எளிதாகக் கிடைப்பவை 600, 650 வோல்ட் வகைகள். இந்தப் பஸ்ஸுக்கு அவை ஆகாது.

மூன்றாவது, 1200 வோல்ட் சிலிக்கன் கார்பைடு மாஸ்ஃபெட். இளைஞர்கள் இருவருக்கும் இதில்தான் மனம். கேட்டதில் தப்பில்லை, மின்சாரக் கார்களில் 2017-இல் வந்த டெஸ்லா மாடல் 3 முதல் அது புகுந்துவிட்டது. ஆனால் விலை பல மடங்கு. ஷார்ட் ஆனால் இரண்டு மூன்று மைக்ரோநொடிக்குள் பாதுகாப்புச் சுற்று மூட வேண்டும், அவ்வளவு வேகமான சுற்று பட்டறையிடம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் அந்த மோட்டார். 20 நானோநொடியில் 587 வோல்ட் ஏறும் அலையை 6 மீட்டர் கேபிள் வழியாக அனுப்பினால், மோட்டார் முனையில் எதிரொலித்து ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதன் பெரும்பகுதி சுருளின் முதல் சில சுற்றுகளின் மேல் விழும். இரண்டு முறை கட்டிய பழைய சுருளில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மிஞ்சியது ஐஜிபிடி. 1200 வோல்ட், 15 ஆம்பியர், அதே உறையில் வேகமான தனி டையோடு.

ஐஜிபிடி என்பது மாஸ்ஃபெட் போன்ற கேட்டையும், அடியில் கூடுதலாக ஒரு பி அடுக்கையும் கொண்ட சுவிட்ச். மாஸ்ஃபெட்டில் உயர் மின்னழுத்தத்தைத் தாங்க நடு அடுக்கைத் தடிமனாக்க வேண்டும், மின்தடை மளமளவென்று ஏறும். ஐஜிபிடியில் அடியில் உள்ள அடுக்கு, துளைகள் என்ற நேர்மின்னூட்டத் தாங்கிகளை உள்ளே செலுத்தி அந்த நடு அடுக்கை நன்றாகக் கடத்த வைக்கிறது. இதற்கு இரண்டு விலை உண்டு. எவ்வளவு குறைந்த மின்னோட்டமானாலும் ஒரு வோல்ட் அளவில் கட்டாயம் விழும். மூடச் சொன்னாலும் உள்ளே உள்ள துளைகள் மறையும்வரை ஒரு வால் மின்னோட்டம் இழுத்துக்கொண்டே இருக்கும். இந்தச் சுவிட்சை 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கிய பி. ஜயந்த் பாலிகா சென்னையில் பிறந்தவர், ஐஐடி மெட்ராஸில் படித்தவர். அதைச் சொன்னதும் இளைஞர்கள் இருவரும் ஐஜிபிடியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்கள்.

கடத்து இழப்பில் எது மேல் என்பதற்கு ஒரே ஒரு எண்ணைக் கணக்கிட்டோம். ஐஜிபிடியை 1.0 வோல்ட்டும் 0.075 ஓமும் சேர்ந்ததாக எடுத்துக்கொண்டால், இரண்டு சுவிட்சிலும் ஒரே மின்னழுத்தம் விழும் மின்னோட்டம்:

```
I = 1.0 / (0.28 - 0.075) ≈ 4.9 A
```

இதற்குக் கீழே மாஸ்ஃபெட் மேல், இதற்கு மேலே ஐஜிபிடி மேல். முழுச் சுமையில் மாஸ்ஃபெட்டுக்கு மூன்று லெக்கில் 47 வாட், ஐஜிபிடிக்கு 33. தொடக்கத்தில் ஒன்றரை மடங்கு மின்னோட்டம் ஓடும்போது 106-க்கு 59. ஆனால் இந்த விசிறி பெரும்பாலான நேரம் 80 சதவீத வேகத்தில், 5 ஆம்பியர் அளவில்தான் ஓடப்போகிறது. அங்கே இரண்டும் ஏறத்தாழ சமம். ஆகவே இந்த டிரைவில் ஐஜிபிடியைத் தேர்ந்ததற்குக் கடத்து இழப்பு காரணமில்லை. பக்கத்து சுவிட்சின் டையோடுதான் காரணம். ஐஜிபிடிக்கு உள் டையோடு கிடையாது. அதனால் நமக்குப் பிடித்த டையோடை அருகில் வைத்துக்கொள்ளலாம்.

அதிர்வெண்ணை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. டையோடு இழப்பும் வால் மின்னோட்டமும் சேர்ந்து, உச்ச மின்னோட்டத்தில் ஒரு சுற்றுக்கு 2.1 மில்லிஜூல். 16 கிலோஹெர்ட்ஸில் மூன்று லெக்குக்கும் 64 வாட் சுவிட்சிங்கிலேயே போகும், மொத்தம் 97. எட்டில் 65. நான்கில் 16 வாட்தான், மொத்தம் 49. வாங்கிய ஹீட் சிங்கும் வீணாகாது. நான்கு என்று முடிவு செய்தோம்.

பின் நடந்தது

கால்கள் அதே வரிசையில் இருப்பதால் பழைய பலகையிலேயே ஐஜிபிடியைச் செருகினார்கள். இங்கே இரண்டாவது இடறல். 12 வோல்ட் கேட் மின்னழுத்தத்தை 15-ஆக மாற்றியாயிற்று. ஆனால் மேல், கீழ் சுவிட்சுகளுக்கு இடையே விடும் டெட் டைம் மாஸ்ஃபெட்டுக்கு வைத்த 1 மைக்ரோநொடியாகவே இருந்தது. சுமையில்லாமலேயே பஸ் மின்னோட்டம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. மேல் சுவிட்சின் வால் மறைவதற்குள் கீழ் சுவிட்ச் திறந்துகொண்டிருந்தது. சில்லு சூடாக ஆக வால் நீளும் என்பதால், சுமையில் ஓட்டியிருந்தால் மறுபடி வெடித்திருக்கலாம். 2 மைக்ரோநொடியாக்கியதும் அந்தக் கூடுதல் மறைந்தது.

டெட் டைமைக் கூட்டினால் குறைந்த வேகத்தில் மோட்டார் தடுமாறும் என்று பயந்தார்கள். கணக்குப் பார்த்தால் நேர்மாறு. 16 கிலோஹெர்ட்ஸில் 1 மைக்ரோநொடி என்றால் 587 வோல்ட்டில் 9.4 வோல்ட் பிழை. நான்கில் 2 மைக்ரோநொடி என்றால் 4.7.

ஷார்ட் பாதுகாப்பையும் சேர்த்தோம். திறந்திருக்கும் ஐஜிபிடியின் மேல் மின்னழுத்தம் 7 வோல்ட்டைத் தாண்டினால் கேட்டை மெதுவாக மூடிவிடும் சுற்று. அவர்கள் வாங்கிய ஐஜிபிடி ஷார்ட்டை 10 மைக்ரோநொடி தாங்கும் என டேட்டாஷீட் சொல்கிறது, சுற்று 4-இல் மூடியது. பஸ் டிரிப் அளவை 740-லேயே விட்டுவிட்டு, வேகம் குறையும் நேரத்தை 8 நொடியிலிருந்து 30 நொடியாக்கினோம். விசிறிக்கு அவசரம் ஒன்றுமில்லை.

பட்டறையில் முதல் முறை ஓட்டியபோது உரிமையாளர் முகம் சுளித்தார். “என்னங்க இப்படிக் கத்துது?” 4 கிலோஹெர்ட்ஸ் ஒலி அந்தச் சின்ன அறையில் காதைக் குடைந்தது உண்மைதான். ஆலைக்குக் கொண்டுபோன பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நூற்புக் கதிர்கள் சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று மோட்டார் கீச்சிடுவதைக் கேட்கத் தனிக் காது வேண்டும்.

ஆலையில் 38 டிகிரி வெக்கையில் முழு வேகத்தில் மூன்று மணி நேரம் ஓட்டி அளந்தபோது ஹீட் சிங்க் 71 டிகிரியில் நின்றது. மாதிரி டிரைவ் ஒரு கோடையைத் தாண்டிவிட்டது. பேசிய பத்தில் ஆறுக்கு ஆர்டர் வந்தது.

இனி மாற்றிச் செய்வது

பட்டறையில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எந்த சுவிட்சையும் சோதிக்கும்போது எதிர்ப்பக்கத்தில் பிரிட்ஜில் இருக்கப்போகும் அதே பொருளைத்தான் வைக்கிறார்கள். அதோடு, சில்லைச் சூடாக்கிய பிறகும் ஒரு முறை அளக்கிறார்கள். முதல் நாளே இப்படிச் சோதித்திருந்தால் நான்கு மாஸ்ஃபெட்டும் இரண்டு கேட் டிரைவரும் மிஞ்சியிருக்கும் என்று உரிமையாளர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

நடுவில் ஒரு முறை, ஐஜிபிடி நன்றாக ஓடுகிறதே, 72 வோல்ட் வண்டிக்கும் அதையே போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். 1.7 வோல்ட் என்ற எண் அங்கேயும் மாறாது.

இப்போது மேசையில் இருப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒன்று: ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டில் ஓடும் 1 எச்.பி. டிரைவ். பஸ் 325 வோல்ட், மோட்டார் மின்னோட்டம் 3 ஆம்பியர். வேகமான உள் டையோடு கொண்ட 650 வோல்ட் மாஸ்ஃபெட் இங்கே பொருந்தும். சூட்டில் 220 மில்லிஓம் என்றால் ஒரு லெக்குக்கு 2 வாட். 600 வோல்ட் ஐஜிபிடிக்கு 3 வாட். ஒரு வாட் வித்தியாசத்துக்கு விலையைக் கூட்டுவதா என்பதில் உரிமையாளருக்கும் இளைஞர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டிலும் ஆறு ஆறு வாங்கி, ஒரே பலகையில் மாற்றி மாற்றிச் செருகி அளந்துகொண்டிருக்கிறார்கள்.